வாரம் 36

எங்கள் கம்பெனியில் காலை பத்தரைக்கு டீ வரும். டீ டம்ளரோடு முதலாளியும் என் மேசைக்கு வந்து நிற்பார். 2022இல் சில மாதங்கள் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏப்பா, அந்த டென்மார்க்கம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"இன்னொருக்கா கேட்டுப் பாரேன்."

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவன் வாங்கும் சம்பளத்தில் பாதி இந்த "இன்னொருக்கா"வுக்குத்தான். கேட்கலாமா, எப்போது கேட்கலாம், எதை வைத்துக்கொண்டு கேட்கலாம், எந்த நாளோடு கேட்பதை நிறுத்தலாம் என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் சொல்லித்தர ஆள் உண்டு. பதில் வராத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லித்தர ஆளில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது 2003இல். இரண்டே வருடத்தில், 2005 ஜனவரி முதல் தேதியோடு, ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை போய்விட்டது. இனி யாரும் எவ்வளவும் அனுப்பலாம் என்றதும் ஊரே பையர் தேடிக் கிளம்பியது. நானும் ஐரோப்பிய முகவரிகளாகப் பிடித்துக் கடிதம் போட்டேன். பதில் வராவிட்டால் நான்கு நாளில் "எனி அப்டேட்?" என்று ஒரு கடிதம், அடுத்த நான்கு நாளில் இன்னொன்று. பிரான்சில் ஒருவருக்குப் பதினொரு கடிதம் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவது எழுதாததற்குக் காரணம் ஞானமல்ல. அவர் என் முகவரியைத் தடுத்துவிட்டார் போல, கடிதம் திரும்பி வந்துவிட்டது.

அந்தப் பதினொன்றையும் பின்னாளில் ஒருநாள் எடுத்துப் படித்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் இருந்ததைத் தவிர ஒரு செய்தியும் அடுத்த பத்தில் இல்லை. என் அவசரம் மட்டும் கடிதத்துக்குக் கடிதம் கூடிக்கொண்டே போயிருந்தது. அந்த மனிதர் எதைப் படித்துவிட்டுப் பதில் எழுதுவார்?

பதில் எழுதாதவன் பக்கம் எப்படியிருக்கும் என்பது எனக்கு 2011இல்தான் புரிந்தது. அந்த ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் சாயக்கழிவு போனது பற்றிய வழக்கு. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. நிட்டிங் முடித்த வெள்ளைத் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது, நிறமேற்ற இடமில்லை. வேறு ஊர்களுக்கு லாரியில் துணி அனுப்பி, நிறம் ஒத்துப்போகாமல் திருப்பிக் கொண்டுவந்து அல்லாடினோம்.

அப்போது பையர்கள் எங்களுக்கு எழுதினார்கள். நான் பதில் எழுதவில்லை. அவர்கள் மேல் வெறுப்பா, அலட்சியமா? இரண்டும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சரக்கு எப்போது கிளம்பும் என்று கேட்கிறார்கள், எனக்கே தெரியாது. நாளைக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததும் எழுதலாம் என்று தள்ளினேன். இரண்டு நாள் தள்ளினதும் தாமதத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு வாரம் போனதும் அந்தக் கடிதத்தைத் திறப்பதற்கே கூச்சமாக இருந்தது. "ஏன் பதில் இல்லை?" என்று கேட்ட கடிதங்கள் அந்தக் கூச்சத்தைத்தான் கூட்டின.

ஒரே ஒருவருக்கு மட்டும் அன்றைக்கே பதில் போட்டேன். ஜெர்மனிக்காரர். அவர் எழுதியதன் சாரம் இது: உங்கள் ஊர் நிலவரம் படித்தேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள் டையிங் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு சொல் போதும். கிடைக்காது என்றால் இந்த ஒரு ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றுகிறேன், அடுத்த சீசன் பேசுவோம். நான் "கிடைக்காது" என்று எழுதினேன். எழுதியதும் மனசு லேசானது. ஆர்டர் போனதற்கு வருத்தம் இருந்தது, ஆனால் அந்த மனிதரோடு பேச்சு அறுந்துபோகவில்லை. இல்லை என்று சொல்ல அவர் எனக்கொரு வழி வைத்துக் கொடுத்திருந்தார்.

அந்த வருடம்தான் ஒரு நோட்டு போட்டேன். இன்றும் கையால் எழுதும் நோட்டுதான். ஒரு பையருக்கு ஒரு பக்கம். எப்போது எழுதினோம், எந்த இடத்தில் பேச்சு நின்றது, அடுத்து எழுத என் கையில் என்ன இருக்கிறது, எந்த வாரம் வரை காத்திருக்கலாம். அந்த வாரம் தாண்டினால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு.

இதில் "எந்த இடத்தில் நின்றது" என்பதுதான் முக்கியம். அறிமுகக் கடிதத்துக்கே பதில் இல்லையென்றால் அதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்து, அவர்கள் கடையில் உள்ள ஒரு சரக்கைப் பார்த்து அதைப் பற்றி ஏதாவது சொல்லி இன்னொரு கடிதம் எழுதுவேன். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த சீசன் வரை மூச்சு விடமாட்டேன். அவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. தெரியாதவனுக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றால்தான் ஏன் என்று பார்க்க வேண்டும். டென்மார்க்கம்மாவின் பக்கத்தில் அப்படி மூன்று முறை பேச்சு நின்றது. மூன்றும் மூன்று விதம்.

அவர் சிறிய குழந்தைகள் உடுப்பு பிராண்ட் ஒன்றின் பையர். 2022 பிப்ரவரி 8ஆம் தேதி எழுதினேன், ஆறு நாளில் பதில் வந்தது. மூன்று ஸ்டைலுக்கு டெக்பேக் அனுப்பினார். ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம், ஆக ஆறு நிறம், மொத்தம் 6,000 பீஸ். 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, நெஞ்சில் பிரிண்ட். துணி பற்றி, பிரிண்ட் பற்றி நிறையக் கேட்டார். மார்ச் 3ஆம் தேதி ஒரு பீஸ் 2.35 டாலர் என்று விலை கொடுத்தேன். அதோடு பேச்சு நின்றது.

கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் விலையைப் பார்த்ததும் அமைதியானால், பெரும்பாலும் விலைதான் காரணம். அதுவும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பேரம் பேசுவார்கள். பேசாமல் போகிறார்கள் என்றால் அவர்கள் நினைத்ததற்கும் நாம் சொன்னதற்கும் இடைவெளி பெரிது, பேரம் பேசுவதே மரியாதைக்குறைவு என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் முதலாளிகள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பத்து சென்ட் குறைச்சு எழுதிவிடு." நான் எழுத மாட்டேன். கேட்காமலே விலையைக் குறைத்தால், முதலில் சொன்னது பொய் விலை என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் எந்த விலை சொன்னாலும் அதிலும் பத்து சென்ட் ஒளிந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

குறைக்க எங்களால் முடியவும் முடியாது. அது நூல் விலை தலைதெறிக்க ஏறிய காலம். மில்காரர்கள் மாதத்தின் முதல் தேதியில் விலையை அறிவிப்பார்கள். ஒரே நாளில் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறிய மாதமும் உண்டு. ஒரு குழந்தைச் சட்டைக்குச் சேதாரம் சேர்த்து 140 கிராம் நூல் என்றால், அந்த 40 ரூபாயில் சட்டைக்கு ஐந்து ரூபாய் அறுபது காசு கூடுகிறது. அன்றைய மாற்று விலையில் ஏழு சென்ட்டுக்கு மேல். 2.35 டாலரில் எங்களுக்கு நிற்பதே பதினோரு, பன்னிரண்டு சென்ட். அதனால்தான் கொட்டேஷனுக்குக் கீழே பதினைந்து நாள் மட்டுமே செல்லும் என்று போடுகிறோம். மார்ச் 3இல் கொடுத்த விலைக்குப் பையர் மே மாதம் "சரி" என்று சொன்னால் அது நமக்கு நல்ல சேதியா என்பதே சந்தேகம்.

ஆனால் விலையைத் தொடாமல் செலவைத் தொடலாம். நான் காஸ்ட்டிங் ஷீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆறு நிறத்துக்கும் பிரித்தால் நிறத்துக்குச் சுமார் 130 கிலோ துணிதான் வருகிறது. எங்களுக்கு டையிங் செய்கிறவரிடம் அந்தத் தரத்துக்கு ஏற்றது 250 கிலோ மெஷின். பாதி மெஷின் ஓட்டினாலும் தண்ணீர், நீராவி, நேரம் எல்லாம் ஏறக்குறைய முழு மெஷினுக்கு ஆகிறதுதான், அதனால் சின்ன லாட்டுக்குக் கிலோ கூலி கூடுதல். மூன்று ஸ்டைலுக்கும் பொதுவாக மூன்றே நிறம் வைத்தால் ஒவ்வொன்றும் 260 கிலோ, மெஷின் நிறைந்துவிடும். பிரிண்டில் நான்கு நிறம் இருந்ததை மூன்றாக்கினால் ஒரு ஸ்கிரீன் மிச்சம்.

மார்ச் 15ஆம் தேதி எழுதினேன். விலை சரியா என்று கேட்கவில்லை. ஆறு நிறத்துக்கு இந்த விலை, மூன்று நிறமாக்கினால் இந்த விலை, பிரிண்டையும் மாற்றினால் இந்த விலை என்று மூன்று வரி, கீழே எது வேண்டும் என்று ஒரு கேள்வி. மறுநாளே பதில் வந்தது. மூன்று நிறம் போதும், கவுண்டர் சாம்பிள் அனுப்புங்கள் என்றார். பன்னிரண்டு நாள் பேசாமலிருந்தது பற்றி அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதைக் கேட்கவே கூடாது. 2011இல் நான் இருந்த நிலையில்தானே அவரும் இருந்திருப்பார்.

இரண்டாவது முறை நின்றதற்கு நானே பொறுப்பு.

சாம்பிள் பெட்டி ஏப்ரல் 11, திங்கள்கிழமை கூரியரில் போனது. மூன்று நாளில் கோபன்ஹேகன் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். போய்விட்டது. ஆனால் அந்த வியாழன் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். டென்மார்க்கில் அன்று தொடங்கி அடுத்த திங்கள் வரை விடுமுறை. ஒன்பது நாள் பொறுத்துவிட்டு 20ஆம் தேதி எழுதினேன், சாம்பிள் பார்த்தீர்களா என்று. பதில் இல்லை. 27ஆம் தேதி மறுபடி. பதில் இல்லை. பதினேழு வருடம் கழித்து அதே பழைய "எனி அப்டேட்?" தான், கொஞ்சம் மரியாதையான உடையில்.

"புடிக்கலையாட்டம் இருக்குது, உட்டுத்தள்ளு" என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோடு போடலாம் என்று நோட்டைத் திறந்தபோது பக்கத்தில் குறித்திருந்த கூரியர் நம்பர் கண்ணில் பட்டது. சும்மா அடித்துப் பார்த்தேன். பெட்டி டெலிவரி ஆகவே இல்லை. பெறுபவர் வரி கட்டக் காத்திருக்கிறது என்று மூன்று வாரமாக அதே வரி நின்றுகொண்டிருந்தது. இன்னும் சில நாளில் பெட்டியே நமக்குத் திரும்பிவிடும்.

நடந்தது பிற்பாடு தெரிந்தது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் தேதி வரை 22 யூரோவுக்குக் குறைவான சின்னப் பொட்டலங்களுக்கு வாட் வரி விலக்கு இருந்தது. அது எடுக்கப்பட்டபின் எல்லாவற்றுக்கும் வரி. விற்க முடியாதபடி கெடுத்த சாம்பிளுக்குச் சலுகை உண்டு. அதற்குச் சட்டையில் கத்தரியால் ஓட்டை போட வேண்டும், அல்லது அழியாத மையில் பெரிதாக "சாம்பிள்" என்று முத்திரை குத்த வேண்டும். எங்கள் சாம்பிள் ரூம் பையன், அழகாக இருக்கட்டும் என்று, முத்திரையில்லாமல் அயர்ன் செய்து பாலிபேக்கில் போட்டிருந்தான். வரி கட்டச் சொன்ன நோட்டீஸ் அந்த அம்மாவின் கணக்குப் பிரிவுக்குப் போய், என்னவென்றே தெரியாத ஒரு இந்தியப் பெட்டிக்கு எதற்குப் பணம் என்று அங்கே கிடந்திருக்கிறது.

மே 4ஆம் தேதி எழுதினேன். பெட்டி எங்கே நிற்கிறது, கூரியர் நம்பர் என்ன, வரியை எங்கள் கணக்கிலேயே எடுக்கக் கூரியர்காரரிடம் சொல்லிவிட்டோம், இதற்கிடையில் சாம்பிளின் படமும் அளவும் இத்துடன். நம்ம நேரம் பன்னிரண்டரைக்கு அனுப்பினேன். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அவர் நாற்காலியில் உட்காரும்போது மேலே இருக்கட்டும் என்று. இரண்டு மணி நேரத்தில் பதில். நீங்கள் அனுப்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். நான் அவரைப் பேசாதவர் என்று நினைக்க, அவர் என்னைச் செய்யாதவன் என்று நினைத்திருக்கிறார். என் முதல் இரண்டு கடிதங்களையும், அனுப்பாமலே அனுப்பிவிட்டதாகச் சொல்லும் சப்ளையரின் வழக்கமான பேச்சு என்று விட்டுவிட்டாராம். அப்படிப்பட்டவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

அன்றிலிருந்து, ஏதாவது பொருள் அனுப்பியபின் பேச்சு நின்றால், கடிதம் எழுதுவதற்கு முன் பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே முதல் வேலை. அந்தப் பையனுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தோம்.

சாம்பிள் ஓகே ஆனது. ஜூன் கடைசியில் நாற்பது பீஸ் சேல்ஸ்மேன் சாம்பிளும் தைத்து, வரியை நாங்களே கட்டி அனுப்பினோம். கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி நன்றி வந்தது. அதற்கப்புறம் மூன்றாவது முறை.

ஜூலையில் நான் கவலைப்படவில்லை. ஸ்கேண்டிநேவியாக்காரர்கள் ஜூலையில் வேலை செய்வதில்லை, பிரான்சும் இத்தாலியும் ஆகஸ்டில். அந்த வாரங்களில் எழுதும் கடிதம் விடுமுறை முடிந்து வருகிறவரின் முன்னூறு கடிதங்களுக்கு அடியில் கிடக்கும். தவிர, இவர்கள் மாதிரிச் சின்ன பிராண்டுகள் ஆகஸ்டில்தான் அந்த நாற்பது சாம்பிளையும் கண்காட்சியிலும் கடைகளிலும் காட்டி ஆர்டர் எடுப்பார்கள். எடுத்த ஆர்டரைக் கூட்டிப் பார்த்துத்தான் நமக்கு எத்தனை பீஸ் என்று சொல்வார்கள். அவருக்கே தெரியாத எண்ணிக்கையை நான் ஜூலையில் கேட்டு என்ன பயன்?

ஆனால் முதலாளியின் கவலை வேறு, அதில் நியாயமும் இருந்தது. 6,000 பீஸுக்கு எங்கள் பவர் டேபிளில் ஒரு லைன் எட்டு நாள் ஓட வேண்டும். அந்த எட்டு நாளை நவம்பரில் டென்மார்க்குக்கு என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தோம். ஒரு ஸ்பெயின் பையரும் அதே நாட்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசாதவருக்காகப் பேசுகிறவரை எத்தனை நாள் நிறுத்திவைப்பது?

இதை மனசைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது, காலண்டரைக் கேட்க வேண்டும். ஐரோப்பியர்கள் தேதி பேசுவதைவிட வாரம் பேசுவார்கள். வருடத்தின் முதல் வாரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவது. அவர் கடையில் சரக்கு பிப்ரவரி தொடக்கத்தில் தொங்க வேண்டும். அதற்கு ஜனவரி நடுவில் அவருடைய கிடங்கில் இருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு மாறி டென்மார்க் போக அப்போதைய கணக்கில் முப்பத்தைந்து நாள். ஆக டிசம்பர் 8ஆம் தேதிக் கப்பலைப் பிடிக்க வேண்டும். நூலிலிருந்து பெட்டி கட்டும் வரை எங்களுக்குத் தொண்ணூறு நாள். பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. வாரம் 36இன் கடைசி வேலைநாள். (2024இல் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முன்னால் போயிருக்கும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபின் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதில் பத்துப் பதினைந்து நாள் கூடியிருந்தது.)

நோட்டில் வாரம் 36 என்று வட்டம் போட்டேன். ஆகஸ்ட் 22ஆம் தேதி, கண்காட்சியெல்லாம் முடிந்து அவர் மேசைக்கு வந்திருப்பார் என்ற கணக்கில், ஒரு கடிதம். அதில் மேலே சொன்ன பின்னோக்கிய கணக்கை அப்படியே நான்கு வரியில் போட்டேன். பதில் இல்லை.

அந்த வாரம் பி.என். ரோட்டில் டீக்கடையில் நின்று வேறு கம்பெனி மெர்ச்சண்டைசர்களிடம் பேசினேன். எல்லார் முகமும் ஒரே மாதிரி இருந்தது. உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பாவில் மின்சாரமும் எரிவாயுவும் விலையேறி, ஜனங்கள் துணி வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள். கடைகளில் பழைய சரக்கே தேங்கி நிற்கிறது. "நம்மளுக்கு மட்டும் இல்லீங்க, யாருக்குமே பதில் வரல" என்றார் ஒருவர். இந்தச் செய்தி ஒருவகையில் ஆறுதல், முடிவெடுக்கவும் உதவி. நம் கடிதத்தில் குறையென்றால் கடிதத்தை மாற்றலாம். ஊருக்கே பதில் வராவிட்டால், என் கடிதத்தைத் திருத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

செப்டம்பர் முதல் தேதி கடைசிக் கடிதம் எழுதினேன். ஜெர்மனிக்காரர் 2011இல் எனக்கு எழுதியதுதான் அதற்கு மாதிரி. இந்த எட்டு நாள் லைனை 9ஆம் தேதி மாலை வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன். அதற்குப் பின் வேறு பையருக்குக் கொடுத்துவிடுவேன். எண்ணிக்கை முடிவாகவில்லையென்றால் "இல்லை" என்று ஒரு சொல் எழுதினால் போதும், பேட்டர்னும் நிறமும் எங்களிடம் பத்திரமாக இருக்கும், அடுத்த சீசன் பேசலாம். இப்படி எழுதுவதை மிரட்டல் என்று சிலர் நினைக்கிறார்கள். தேதி பொய்யாக இருந்தால் மிரட்டல்தான். 9ஆம் தேதி என்று எழுதிவிட்டு 12ஆம் தேதி "இன்னும் லைன் காலியாகத்தான் இருக்கிறது" என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அடுத்த முறை எந்தத் தேதி சொன்னாலும் பையர் சிரிப்பார்.

9ஆம் தேதி இரவு எட்டு வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே மாலை நாலரை. வெள்ளிக்கிழமை நாலரைக்கு டென்மார்க்கில் ஆபீஸில் ஆளிருக்காது என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். திங்கள் காலை லைனை ஸ்பெயினுக்குக் கொடுத்தோம். டென்மார்க்கம்மாவுக்கும் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன்.

20ஆம் தேதி அவரிடமிருந்து பதில் வந்தது. நீண்ட கடிதம். கடைகள் ஆர்டரைக் குறைத்துவிட்டன, மூன்று ஸ்டைலும் சேர்த்து 1,400 பீஸ்தான் தேறுகிறது, சொல்லத் தயங்கிக்கொண்டே நாள் போய்விட்டது, செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். 1,400 என்றால் நிறத்துக்கு அறுபது கிலோ. அவர் கேட்ட நிறத்தில், அந்த விலையில் முடியாது. எங்களிடம் வேறு ஆர்டரில் மிஞ்சிய வெள்ளையும் கிரே மெலாஞ்சும் இருந்தது. அதில் இரண்டு ஸ்டைல் மட்டும் ஜனவரி கடைசியில் கிளம்பும்படி செய்து தரலாம், சம்மதமா என்று அன்றே எழுதினேன். ஸ்பெயின்காரரின் லைனைக் கலைத்து அவருக்கு இடம் தரவில்லை. அதில் முதலாளிக்கே கொஞ்சம் வருத்தம். நல்ல அம்மா, பாவம், என்றார்.

அதற்குப் பதில் இல்லை. இரண்டு வாரம் பார்த்தேன். இன்னொருக்கா எழுத என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் அந்தக் கடிதத்திலேயே போய்விட்டது. முத்திரை குத்தாமல் போன அந்த முதல் பெட்டிக்குத் தைத்ததில் ஒரு செட் எங்கள் சாம்பிள் ரூமில் மிச்சமிருந்தது. அந்தப் பையன் தன் அக்கா பெண்ணுக்குக் கேட்டான், எடுத்துக்கொள் என்றேன்.

2023 ஜனவரியில், அடுத்த குளிர்கால சீசனுக்கு நிறங்கள் முடிவாகும் வாரம் பார்த்து, நோட்டிலிருந்த எல்லாருக்கும் எழுதும்போது அவருக்கும் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் தானாக ஒரு பதில் வந்தது. இந்த முகவரி இனி பார்க்கப்படுவதில்லை என்று டேனிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி. அவர் வேலை மாறினாரா, பிராண்டே மூடிவிட்டதா, தெரியாது.

மறுநாள் பத்தரைக்கு டீ வந்தது.

"ஏப்பா, டென்மார்க்கம்மா?"

"கோடு போட்டாச்சுங்க."

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார். "ஸ்பெயினோட அடுத்த ஆர்டருக்கு நூல் எறங்கிருச்சா?"